ரவுட்டரைப் புதுப்பித்ததும் காணாமல்போன வைஃபை

தெமட்டகொடையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், மேல்வீட்டு அக்கா சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் படிப்பிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆறரை மணி வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில், அவருடைய ரவுட்டரின் ஃபர்ம்வெயரை நான்தான் புதுப்பித்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை என்று சொல்லியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் அது முடிந்தும் விட்டது. நான் கீழே இறங்கி வந்து தேநீர் ஊற்றும்போது அக்காவின் அழைப்பு.

"தம்பி, போனில எங்கட வைஃபை பெயரே காட்டேல்லை. வேற ஏதோ இலக்கத்தோட ஒரு பெயர் வருது. பிள்ளைகள் இப்ப வந்திடுவினம்."

ரவுட்டர் பழுதாகவில்லை. கடையில் வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு அது திரும்பியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் புதுப்பித்தலுக்கு முன் நான் எதையும் குறித்து வைக்கவில்லை. பிழை என்னுடையது.

ஃபர்ம்வெயர் என்பது ரவுட்டருக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள். அதைப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். ரீபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 என்ற வீட்டு ரவுட்டரில், கடவுச்சொல் எதுவுமின்றி வெளியாள் ஒருவர் கட்டளைகளை ஓடவிடக்கூடிய ஓட்டை இருந்தது. நிர்வாகப் பக்கத்தில் மொழியையும் நாட்டையும் தெரிவு செய்யும் பகுதியில்தான் அந்த ஓட்டை. அதன் பதிவு இலக்கம் CVE-2023-1389. 2023 மார்ச்சில் நிறுவனம் திருத்திய ஃபர்ம்வெயரை வெளியிட்டது. அடுத்த மாதமே மிராய் என்ற தீநிரல் வலையமைப்பை நடத்துபவர்கள், திருத்தம் போடாத ரவுட்டர்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். அப்படிப் பிடிபட்ட ரவுட்டர் வீட்டில் வழமைபோலவே இயங்கும்; பின்னணியில் வேறு யாரையோ தாக்கிக்கொண்டிருக்கும். கடவுச்சொல்லை எவ்வளவு கடினமாக வைத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. ஃபர்ம்வெயரை மாற்றுவதுதான் வழி.

சரி, மென்பொருளை மாற்றினால் வைஃபை பெயர் ஏன் போகிறது?

ரவுட்டரின் நினைவகத்தில் ஒரு பகுதியில் ஃபர்ம்வெயரும், இன்னொரு பகுதியில் நாம் கொடுத்த அமைப்புகளும் இருக்கும். வைஃபை பெயர், கடவுச்சொல், இணைய இணைப்பின் விபரம் எல்லாம் அந்த இரண்டாவது பகுதியில். புதுப்பித்தல் சாதாரணமாக முதலாவதைத்தான் அழித்து எழுதும். ஆகவே பெரும்பாலான நேரங்களில் எதுவும் மாறாது. ஆனால் புதிய பதிப்பு அமைப்புகளை வேறு ஒழுங்கில் எழுதி வைக்கும்படி மாற்றப்பட்டிருந்தால், பழையதை அதனால் வாசிக்க முடியாது. அப்போது தொழிற்சாலை அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காமல் விட்டு, ஒரேயடியாகப் பல பதிப்புகளைத் தாண்டும்போது இதற்கு வாய்ப்பு கூட. அக்காவின் ரவுட்டர் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறையும் புதுப்பிக்கப்படாதது.

அன்று மாலை நாங்கள் செய்தது இதுதான். ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தோம். போனில் தெரிந்த அந்த "இலக்கப் பெயர்" அதில் அச்சாகியிருந்தது, பக்கத்திலேயே ஆரம்பக் கடவுச்சொல்லும். அதைக் கொடுத்து இணைந்து, உலாவியில் `192.168.0.1` என்று அடித்தோம். சில ரவுட்டர்களில் இது `192.168.1.1` ஆக இருக்கும். அதுவும் ஸ்டிக்கரில் உண்டு. நிர்வாகப் பக்கம் புதிய கடவுச்சொல் ஒன்றை உருவாக்கச் சொன்னது.

இங்கேதான் பலர் குழம்புவார்கள். நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. முதலாவது ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைய, இரண்டாவது போனை இணைக்க. முழுமையாகத் திரும்பிய ரவுட்டரில் இரண்டுமே பழையபடி இராது. பழைய மொடல்கள் சிலவற்றில் நிர்வாகப் பக்கம் மீண்டும் `admin` / `admin` ஆகிவிடும். அதை அப்படியே விடக்கூடாது.

அடுத்தது வைஃபை. புதிதாக ஒரு பெயர் வைத்தால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் மீண்டும் கடவுச்சொல் அடிக்க வேண்டும்: போன்கள், தொலைக்காட்சி, மடிக்கணினி, பிரின்டர். பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் திரும்பக் கொடுத்தால், அவை அதே வைஃபை என்று எண்ணித் தாமாகவே வந்து இணைந்துவிடும். பழைய கடவுச்சொல் அக்காவுக்கு நினைவில்லை. ஆனால் மகளின் அன்ட்ரொயிட் போனில் சேமிக்கப்பட்ட வைஃபை பட்டியல் இருந்தது. அதில் பழைய பெயரைத் தொட்டு, பகிரும் பொத்தானை அழுத்தியதும் கியூஆர் குறியீடும் கீழே கடவுச்சொல்லும் வந்தன. ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் வைஃபை அமைப்பில் `Edit` என்பதைத் தொட்டால் இதே பட்டியலைப் பார்க்கலாம்.

முதல் தடவை எதுவும் இணையவில்லை. பெயரின் முதல் எழுத்தை நான் சிறிய எழுத்தில் அடித்திருந்தேன். பழையது பெரிய எழுத்து. திருத்தியதும் தொலைக்காட்சி உட்பட எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பழைய பிரின்டர் மட்டும் வரவில்லை. புதிய ஃபர்ம்வெயர் பாதுகாப்பு முறையை WPA2/WPA3 கலப்பாக வைத்திருந்தது. அதை WPA2-PSK என்று மாற்றியதும் பிரின்டரும் வந்தது. வகுப்பு ஆறு நாற்பதுக்குத் தொடங்கியது.

இன்னொரு விடயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். அக்காவின் வீட்டில் ஃபைபர் வயர் இணைய நிறுவனத்தின் பெட்டியில் முடிகிறது. அவர் வாங்கிய ரவுட்டர் அதற்குப் பின்னால். அதனால் இணையம் தானாகவே வந்தது. சில வீடுகளில் ரவுட்டரே PPPoE என்ற முறையில், நிறுவனம் கொடுத்த பயனர் பெயருடன் இணையும். அங்கே அமைப்பு அழிந்தால் வைஃபை இருக்கும், இணையம் இராது. அந்தப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஸ்டிக்கரில் கிடையாது. நிறுவனத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் ஞாயிறு மாலை!

ஆகவே முன்கூட்டியே செய்யவேண்டியது: நிர்வாகப் பக்கத்தின் வைஃபை பகுதியையும் இணையப் பகுதியையும் போனில் படமெடுத்து வைப்பது. `Backup & Restore` பக்கத்தில் அமைப்புகளைக் கோப்பாகவும் எடுக்கலாம். ஆனால் அமைப்பின் ஒழுங்கே மாறியிருந்தால், பழைய கோப்பைப் புதிய பதிப்பும் ஏற்காமல் போகலாம். படம் ஏமாற்றாது.

கோப்பைத் தரவிறக்கும்போது ஸ்டிக்கரில் மொடல் பெயருக்கு அருகே உள்ள V1, V2 போன்ற குறியைக் கவனியுங்கள். ஒரே மொடல்தான் என்றாலும் உள்ளே வேறு சிப் இருக்கலாம். பிழையான கோப்பு ஏறினால் ரவுட்டர் எழும்பாமலே போகலாம். `Firmware Upgrade` பக்கத்தில் கோப்பை ஏற்றும்போது வைஃபையை நம்பாமல் கேபிளால் கணினியை இணைப்பது நல்லது.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதும் அதே ஆபத்துத்தான். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாகச் சொல்லி நாடே இருண்டது, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. யூபிஎஸ் இருந்தால் ரவுட்டரை அதில் மாட்டிவிட்டுத் தொடங்கலாம். விளக்குகள் மீண்டும் நிலையாக எரிந்து, வைஃபை பெயர் தெரியும்வரை பிளக்கில் கைவைக்கக் கூடாது.

இணைய நிறுவனமே கொடுத்த ரவுட்டராக இருந்தால், வலைத்தளத்தில் தேடியெடுத்த கோப்பை ஏற்றவே வேண்டாம். அவற்றில் நிறுவனத்துக்கென்று மாற்றப்பட்ட ஃபர்ம்வெயர்தான் இருக்கும். அதை அவர்களே தூரத்திலிருந்து புதுப்பிப்பார்கள். நீங்கள் எதையும் தொடாமலே ஒரு காலையில் வைஃபை பெயர் மாறியிருந்தால், ஸ்டிக்கரில் உள்ள பெயருடன் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.