தந்தை இறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க எந்தச் சான்று வேண்டும்?

ஜூன் மாதம் இ-சேவை மைய வாசலில் பிள்ளையைக் கையில் பிடித்தபடி நிற்கும் பெண்களில் சிலர், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு தாளைக் கேட்கிறார்கள். "சிங்கிள் பேரண்ட் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க." தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் அந்தப் பெயரில் ஒரு சான்று கிடையாது. சொல்லி அனுப்பிய எழுத்தருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை.

இல்லாததைத் தேடி வந்தவரிடம் இடைத்தரகர் வேறு ஏதாவது ஒன்றைத் தள்ளிவிடுகிறார். வாரிசுச் சான்று வாங்க வைப்பார். அது வங்கிப் பணம், சொத்து, பணிப்பலன் கேட்கும்போது உதவும். ஆதரவற்ற விதவைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வைப்பார். அது கோட்டாட்சியர் தருவது, வேலைவாய்ப்பில் முன்னுரிமைக்கானது. வட்டாட்சியர் தரும் விதவைச் சான்று இன்னொன்று, உதவித் திட்டங்களுக்கு. பள்ளியில் சேர்க்க இந்த மூன்றும் வேண்டாம். பிள்ளையின் பிறப்புச் சான்றும் தந்தையின் இறப்புச் சான்றும் போதும். திரும்பச் சொல்கிறேன்: இறப்புச் சான்று போதும்.

ஆனால் பலர் கையில் அதுதான் இருப்பதில்லை. காரியம் முடிந்ததும் யாரும் பதிவாளர் பக்கம் போவதில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் ஓடுகிறார்கள்.

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் மதுரை மாநகரில் ஒரு மருத்துவமனையில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இவர் தன் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்பார். அங்கே எதுவும் இருக்காது. இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவாகும். குடியிருந்த ஊர் கணக்கில்லை. மருத்துவமனையில் இறந்தால் தகவல் கொடுக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. ஆகவே பதிவு மதுரை மாநகராட்சியில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், நகல் வாங்குவதுதான் பாக்கி. மருத்துவமனைச் சீட்டில் உள்ள தேதியோடு அங்கே போனால் வேலை முடிந்தது. தெரியாமல் "பதிவே இல்லை" என்று நம்பி புதிதாக விண்ணப்பித்தால், ஒரே சாவுக்கு இரண்டு பதிவு என்ற புதுத் தலைவலி வரும்.

வீட்டில் இறந்தவர் கதை வேறு. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் வீட்டார் சொல்ல வேண்டும். தவறினால் முப்பது நாள் வரை தாமதக் கட்டணம், அதற்குமேல் ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி. ஒரு வருடம் தாண்டினால் முன்பு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியிருந்தது. இப்போது அந்த அதிகாரம் மாவட்ட நிர்வாகத்தின் நடுவர்களிடம், கோட்டாட்சியர் போன்றோரிடம், வந்துவிட்டது. "பதிவு இல்லை" என்ற சான்றை முதலில் பதிவாளரிடம் வாங்கி மனுவோடு வையுங்கள்; அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

சான்று கைக்கு வந்ததும் தந்தை பெயரை எழுத்து எழுத்தாகப் பிறப்புச் சான்றோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் முருகேசன், இன்னொன்றில் முருகேஷ் என்றால், இப்போதே பதிவாளரிடம் திருத்துங்கள். சேர்க்கைப் படிவத்திலும் தந்தை பெயருக்கான இடத்தைக் காலியாக விடாதீர்கள். பிறப்புச் சான்றில் உள்ளபடியே எழுதி, மறைவு என்று குறியுங்கள். இங்கே விழும் பிழை மாற்றுச் சான்றிதழ் வழியே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரை போகும்.

சில தனியார் பள்ளிகள் "கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்கின்றன. இந்துக் குடும்பத்தில் தந்தை இறந்தபின் தாய்தான் இயற்கைக் காப்பாளர். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டமே அப்படிச் சொல்கிறது. தாய் இறந்து தந்தை மட்டும் இருக்கும் வீட்டில் கேள்வியே இல்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது.

திருப்பி அனுப்பினால் வாய்ப்பேச்சு வேண்டாம். "இன்ன தாள் இல்லாததால் சேர்க்க மறுக்கிறோம்" என்று எழுதித் தரக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மனு, இரண்டு பிரதி, ஒன்றில் அலுவலக முத்திரை. 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணும் இருக்கிறது.

அதே இறப்புச் சான்றின் இன்னொரு நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, பள்ளியில் படிக்கும் சான்று, பிள்ளையின் ஆதார் ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். வருமானச் சான்று தாயின் பெயரில் இருக்கட்டும். இறந்தவர் பெயரில் வாங்கிய பழையதை நீட்டி ஒரு நாளை வீணாக்குபவர்கள் இன்னும் குறையவில்லை.