கூட்டக் குறிப்பில் விடுபட்ட வரிகள்

சென்ற ஆண்டு மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில், கொண்டாப்பூரிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளர் எங்கள் கிளைக்கு வந்தார். சங்கத்தின் இருப்பு நிதியிலிருந்து வைத்திருந்த 12 இலட்சம் ரூபாய் வைப்பு, மே 14 அன்று முதிர்ந்துவிட்டது. அதனைப் புதுப்பிக்க வேண்டும். காசோலையில் கையொப்பமிடுவோரின் பெயர்களையும் மாற்ற வேண்டும். இரண்டிற்கும் ஆதாரமாக, ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறன்று நடந்த பொதுக்குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பக்கம், நேர்த்தியான தட்டச்சு, தலைவரின் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. ஆயினும் அதனை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய இயலவில்லை.

தெலுங்கு, இந்தி, தமிழ் பேசுவோர் கலந்து வாழும் அப்பகுதியில் இத்தகைய குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அக்குறிப்பின் நான்கு வரிகளைத் தமிழில் தருகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

“புதிய நிருவாகிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வங்கிக் கணக்கில் உரிய மாற்றங்கள் செய்யப்படும்.”

“இருப்பு நிதி வைப்பு குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது.”

“மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தத்திற்கு வேறு நிறுவனங்களிடமும் விலைப்புள்ளி பெற ஒப்புக்கொள்ளப்பட்டது.”

“மழைநீர் சேகரிப்புக் குழிகள் மழைக்கு முன் தூர்வாரப்படும்.”

படித்தவுடன் குறையொன்றும் தோன்றாது. கூட்டத்தில் இருந்தவருக்கு எல்லாம் விளங்கும். ஆனால் நடவடிக்கைக் குறிப்பு, கூட்டத்தில் இல்லாதவருக்காகவே எழுதப்படுகிறது. வங்கி அதிகாரி, தணிக்கையாளர், அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் பொருளாளர் ஆகியோர் அனைவரும் அந்த வகையினரே. ஆகவே குறிப்பைச் சரிபார்ப்பவர் அவர்களின் கண்ணால் படிக்க வேண்டும்.

இரண்டாம் வரியை முதலில் பார்ப்போம். அதில் விவாதம் இருக்கிறது, முடிவு இல்லை. எத்தனை காலத்திற்குப் புதுப்பிப்பது, முழுத் தொகையையுமா, வட்டியை என்ன செய்வது என்ற எதற்கும் விடையில்லை. முதிர்ந்த வைப்பைத் தானாகப் புதுப்பிக்குமாறு முன்னரே எழுதிக் கொடுத்திருந்தால் சிக்கல் குறைந்திருக்கும். இச்சங்கம் அவ்வாறு கொடுக்கவில்லை. ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் வெளியிட்ட விதியின்படி, முதிர்ந்த பின் கோரப்படாமல் கிடக்கும் வைப்பிற்கு, சேமிப்புக் கணக்கு வட்டி, வைப்பின் ஒப்பந்த வட்டி ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். இரண்டிற்கும் 4 விழுக்காடு வேறுபாடு எனக் கொண்டால், 12 இலட்சத்திற்கு ஒரு மாதத்தில் 4,000 ரூபாய் குறையும்.

இவ்வகைக் குறையைக் கண்டறிய எளிய வழி, பொருள்நிரலையும் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே. பொருள்நிரலின் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, குறிப்பில் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்னும் சொல்லோ ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்னும் சொல்லோ இருக்க வேண்டும். ‘விவாதிக்கப்பட்டது’, ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘கருத்தில் கொள்ளப்பட்டது’ என்று முடியும் வரிகளில் முடிவு விடுபட்டிருக்கக்கூடும். உண்மையிலேயே முடிவெடுக்காமல் கலைந்திருந்தால், “முடிவு எட்டப்படவில்லை, இன்ன தேதியில் கூடும் செயற்குழுவிற்கு ஒத்திவைக்கப்பட்டது” என எழுதுவதே நேர்மை. சரிபார்ப்பவர் தாமாக ஒரு முடிவை எழுதிச் சேர்த்தல் கூடாது. அது பிழை திருத்தமன்று. இல்லாத தீர்மானத்தை உண்டாக்குவதாகும்.

அடுத்தது, ‘செய்யப்படும்’ என்னும் வினை. அலுவலகத் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் இதில் வேறுபாடில்லை. இரண்டிலும் செயல் இருக்கும், செய்பவர் மறைந்துவிடுவார். (நாமும் இந்தக் கட்டுரையில் அதனைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்பதை வாசகர் கவனித்திருப்பர்.) குறிப்பில் ‘படும்’ என்று முடியும் ஒவ்வொரு சொல்லையும் அடிக்கோடிட்டு, “யாரால்?” என்று கேட்டுப் பார்க்கலாம். மேற்கண்ட நான்கு வரிகளில் ஒன்றில்கூட விடையில்லை. “செயற்குழு கவனித்துக்கொள்ளும்” என்று எழுதினாலும் போதாது; ஏழு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்றிருப்பர். ஒரு பணிக்கு ஒரு பெயர் வேண்டும். உதவுவோர் பலராக இருக்கலாம். பதில் சொல்பவர் ஒருவரே.

மூன்றாவது, காலக்கெடு. “மழைக்கு முன்” என்பது ஐதராபாத்தில் தெளிவான தேதிபோலத் தோன்றும். ஆனால் அங்கே கோடையிடி மழை ஏப்ரல், மே மாதங்களிலேயே பெய்யும். தென்மேற்குப் பருவமழை ஜூன் இரண்டாம் வார அளவில் வந்து சேரும். எந்த மழையைச் சொன்னார்கள்? தெலுங்கில் ‘இங்குடு குந்த்த’ என வழங்கும் அக்குழிகள், மே மாத மழைகள் பெய்தபோது சேறும் சருகுமாகவே கிடந்தன என்றார் செயலாளர். கோடையில் தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுக்கும் குடியிருப்பிற்கு அதன் பொருள் நன்கு தெரியும். ‘விரைவில்’, ‘கூடிய சீக்கிரம்’, ‘உரிய நேரத்தில்’ ஆகியவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை. சரிபார்ப்பவர் நாட்காட்டியில் வட்டமிட்டுக் காட்டக்கூடிய ஒரு நாள் குறிப்பில் இருக்க வேண்டும். விலைப்புள்ளி பெறுவதற்கு நடப்பு ஒப்பந்தம் முடியும் தேதியைத் தேடிப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கெடுவை அமைப்பது பொருத்தம்.

கையொப்ப மாற்றத்திற்கு வங்கி எதிர்பார்க்கும் தீர்மானம் ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்: “சங்கத்தின் இன்ன எண்ணுள்ள கணக்கை இயக்க, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவருள் எவரேனும் இருவர் கூட்டாகக் கையொப்பமிடும் அதிகாரம் பெறுகின்றனர். முந்தைய நிருவாகிகளுக்கு வழங்கிய அதிகாரம் இன்று முதல் நீக்கப்படுகிறது. உரிய ஆவணங்களைச் செயலாளர் மே 5-க்குள் வங்கியில் அளிப்பார்.” மூவரின் பெயர்களும் இடம்பெற வேண்டும். கூட்டாகவா, தனித்தனியாகவா என்பதும், பழைய அதிகாரத்தை நீக்கும் வரியும் விடுபடுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கோரம் நிறைந்திருந்ததா என்பதும் குறிப்பிலேயே தெரிய வேண்டும்.

நிறுவனங்களுக்கு இவ்வகையில் சட்டமே உண்டு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, கூட்டம் முடிந்த 30 நாட்களுக்குள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்கிறது. இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கான செயலகத் தரநிலை, வரைவுக் குறிப்பை 15 நாட்களுக்குள் உறுப்பினர்களுக்கு அனுப்பவும், அவர்கள் 7 நாட்களுக்குள் கருத்துச் சொல்லவும் கூறுகிறது. குடியிருப்புச் சங்கங்களை இவை கட்டுப்படுத்தா. அவற்றுக்கு அவை பதிவான சட்டமும் சொந்தத் துணைவிதிகளுமே அளவுகோல். எனினும் வரைவைச் சுற்றுக்கு விடும் அந்தப் பழக்கத்தை எவரும் மேற்கொள்ளலாம். நினைவு பசுமையாக உள்ள முதல் வாரத்தில்தான் விடுபட்டது எதுவெனக் கேட்டு அறிய முடியும்.

இச்சங்கத்தில் அந்த வாய்ப்பு தவறிவிட்டது. வைப்பை ஓராண்டிற்குப் புதுப்பிக்க முடிவானது என்றனர் சிலர். மூன்றாண்டு என்றனர் வேறு சிலர். தலைவர் கையொப்பமிட்ட குறிப்பில் புதிய வரியைச் செருகவும் வழியில்லை. பழைய பொருளாளர் பெங்களூருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், பழைய இருவரின் கையொப்பத்தோடு தற்காலிகமாகச் சமாளிக்கவும் இயலவில்லை. துணைவிதிப்படி அறிவிப்புக் கொடுத்து மீண்டும் பொதுக்குழுவைக் கூட்ட ஜூன் 8 ஆயிற்று. 11-ஆம் தேதி வைப்பு புதுப்பிக்கப்பட்டது. 28 நாட்களில் குறைந்த வட்டி ஏறத்தாழ 3,700 ரூபாய். அதனைவிட எங்களை வருத்தியது வேறொன்று. காசோலையில் கையொப்பமிட ஆளில்லாமையால், ஜூன் முதல் தேதி கிடைக்க வேண்டிய காவலாளிகளின் ஊதியம் 12-ஆம் தேதியே அவர்கள் கைக்குச் சென்றது.

புதிய குறிப்பைச் செயலாளர் கொண்டுவந்தபோது ஒவ்வொரு பக்கத்தின் வலப்புறத்திலும் குறுகிய இரு கட்டங்கள் வரைந்திருந்தார்: ‘யார்’, ‘எந்நாள்’. மின்தூக்கி விலைப்புள்ளிக்கு எதிரே மட்டும் நாள் எழுதப்படாமல் இருந்தது. சுட்டிக்காட்டினோம், தொலைபேசியில் தலைவரிடம் கேட்டார். கூட்டத்தில் தேதி எதுவும் சொல்லப்படவில்லை என்று தெரிந்ததும், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டு, அடுத்த செயற்குழுவின் பொருள்நிரலுக்காகத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.