பகுதிப் பின்னங்கள்: காரணிகள் வெவ்வேறாக இருக்கும்போது

2/(x − 2), 3/(x + 1) என்ற இரண்டு பின்னங்களைக் கூட்டுவது பள்ளியில் பழகிய வேலை. கீழே உள்ள பகுதிகள் இரண்டையும் பெருக்கிப் பொதுப் பகுதி ஆக்க வேண்டும். மேலே உள்ள தொகுதிகளைக் குறுக்கே பெருக்கிக் கூட்ட வேண்டும். தொகுதி 2(x + 1) + 3(x − 2), அதாவது 5x − 4 என்று வரும். பகுதி (x − 2)(x + 1), விரித்தால் x² − x − 2. ஆகவே விடை (5x − 4)/(x² − x − 2).

இதே வேலையைப் பின்னோக்கிச் செய்வதுதான் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தல். (5x − 4)/(x² − x − 2) மட்டும் கையில் இருக்கிறது. எந்த எளிய பின்னங்களைக் கூட்டினால் இது வந்திருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கூட்டும்போது மறைந்துபோன 2, 3 என்ற எண்களை மீட்டெடுப்பதே கேள்வி.

கூட்டி முடித்ததை ஏன் மறுபடி பிரிக்க வேண்டும் என்ற ஐயம் மாணவருக்கு எழுவது இயல்பு. ஒரே பின்னமாக இருப்பது பார்ப்பதற்குச் சுருக்கம்தான், ஆனால் அதைத் தொகையிட முயன்றால் வழி எதுவும் தெரியாது. பிரித்துவிட்டால் 2/(x − 2)-இன் தொகையீடு 2 log|x − 2|, 3/(x + 1)-இன் தொகையீடு 3 log|x + 1| என்று இரண்டே வரியில் முடிந்துவிடும். இந்த முறை பிறந்ததும் தொகையிடலுக்காகத்தான். 1702-இல் லைப்னிட்ஸும் யோகான் பெர்னூலியும் தனித்தனியே இதை வெளியிட்டார்கள்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது தகு பின்னம். 5x − 4 ஒருபடி, x² − x − 2 இருபடி. எனவே இது தகு பின்னம்தான். இரண்டாவது, பகுதியைக் காரணிப்படுத்த வேண்டும். கிடைக்கும் காரணிகள் எல்லாம் ஒருபடிக் காரணிகளாக, ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால், ஒவ்வொரு காரணிக்கும் ஒரு பின்னம் என்ற கணக்கில் இப்படி எழுதலாம்:

(5x − 4)/((x − 2)(x + 1)) = A/(x − 2) + B/(x + 1)

மேலே x இல்லாமல் A, B என்று வெறும் எண்களை மட்டும் வைப்பதற்குக் காரணம் உண்டு. தகு பின்னத்தைப் பிரித்தால் துண்டுகளும் தகு பின்னங்களாகவே இருக்க வேண்டும். கீழே ஒருபடிக் கோவை இருப்பதால் மேலே அதைவிடக் குறைந்த படி, அதாவது ஒரு மாறிலி மட்டுமே இருக்க முடியும். எண்ணிக்கையும் பொருந்துகிறது: தொகுதி 5x − 4-ஐத் தீர்மானிப்பவை 5, −4 என்ற இரண்டு எண்கள், கண்டுபிடிக்க வேண்டியவையும் இரண்டு.

இரு பக்கத்தையும் (x − 2)(x + 1)-ஆல் பெருக்கினால் பின்னம் மறைந்து, பல்லுறுப்புக் கோவைகள் மட்டும் மிஞ்சும்:

5x − 4 = A(x + 1) + B(x − 2)

இனி இரண்டு வழிகள். கெழுக்களை ஒப்பிடுவது ஒன்று. x-இன் கெழுக்கள் A + B = 5 என்றும், மாறிலிகள் A − 2B = −4 என்றும் தருகின்றன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 3B = 9. எனவே B = 3, A = 2. இந்த வழி ஒருபோதும் கைவிடாது. ஆனால் காரணிகள் மூன்று, நான்கு என்று போகும்போது அத்தனை சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி, x-க்குத் தகுந்த மதிப்பைக் கொடுப்பது. x = 2 என்று வைத்தால் B-யின் உறுப்பு பூச்சியமாகி மறையும்: 6 = 3A, ஆகவே A = 2. x = −1 என்று வைத்தால் A-யின் உறுப்பு மறையும்: −9 = −3B, ஆகவே B = 3. சமன்பாடுகளைத் தீர்க்கும் வேலையே இல்லை.

கூர்ந்து படிக்கும் மாணவர் இந்த இடத்தில் தடுமாற வேண்டும், தடுமாறுவது நல்லது. x = 2 என்றால் முதல் பின்னத்தின் பகுதி பூச்சியம். அந்த இடத்தில் பின்னத்துக்கே பொருள் இல்லை. பொருளே இல்லாத இடத்தில் மதிப்பைப் போட்டு A-ஐக் கண்டுபிடிப்பது எப்படிச் சரியாகும்?

விடை, மதிப்பு எந்த வரியில் போடப்படுகிறது என்பதில் இருக்கிறது. போடுவது பின்னங்கள் உள்ள வரியில் அல்ல; பின்னம் நீங்கிய 5x − 4 = A(x + 1) + B(x − 2) என்ற வரியில். 2, −1 தவிர மற்ற எல்லா x-க்கும் பின்னச் சமன்பாடு உண்மையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த எல்லா x-க்கும் இந்த வரியும் உண்மையாகும். இரு பக்கங்களின் வித்தியாசத்தை எடுத்தால் அது அதிகபட்சம் ஒருபடிக் கோவை. பூச்சியமல்லாத ஒருபடிக் கோவை ஒரே ஓர் இடத்தில்தான் பூச்சியமாக முடியும். இதுவோ எண்ணற்ற இடங்களில் பூச்சியமாகிறது. ஆகவே வித்தியாசம் முழுவதுமே பூச்சியம். இரு பக்கங்களும் ஒரே கோவை. அப்படியானால் விட்டுவைத்த 2-இலும் −1-இலும்கூட அவை சமமாகவே இருக்கும். இவ்வாறு எல்லா மதிப்புக்கும் பொருந்தும் சமன்பாட்டுக்கு முற்றொருமை என்று பெயர். பகுதிப் பின்னத்தின் பலம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

இந்த இரண்டாம் வழியை மனக்கணக்காகவே செய்துவிட முடியும். A வேண்டுமானால் மூலப் பின்னத்தில் (x − 2)-ஐ விரலால் மறைத்துவிட்டு, மிஞ்சிய (5x − 4)/(x + 1)-இல் x = 2 என்று வைத்தால் போதும்: 6/3 = 2. B-க்கு (x + 1)-ஐ மறைத்து, x = −1 வைத்தால் −9/−3 = 3. மின்பொறியியலில் பெயர் பெற்ற ஆங்கிலேயர் ஆலிவர் ஹெவிசைடின் பெயரால் இது ஹெவிசைடு மறைப்பு முறை எனப்படுகிறது.

இதன் அருமை மூன்று காரணிகள் வரும்போது தெரியும். (2x² + 7x − 6)/(x(x − 1)(x + 2)) என்பதை A/x + B/(x − 1) + C/(x + 2) என்று பிரிக்க வேண்டும் என்று கொள்வோம். x-ஐ மறைத்து x = 0 வைத்தால் −6/((−1)(2)), அதாவது A = 3. (x − 1)-ஐ மறைத்து x = 1 வைத்தால் 3/((1)(3)), அதாவது B = 1. (x + 2)-ஐ மறைத்து x = −2 வைத்தால் மேலே 8 − 14 − 6 = −12, கீழே (−2)(−3) = 6; எனவே C = −2. விடை 3/x + 1/(x − 1) − 2/(x + 2).

பிழை பெரும்பாலும் குறிகளில்தான் நேரும், கடைசி வரியில் இருப்பதைப் போன்ற இடங்களில். அதைப் பிடிக்க ஒரு குறுக்குச் சோதனை உண்டு. பகுதியின் காரணிகள் எல்லாவற்றிலும் x-இன் கெழு 1 என்றால், A, B, C-யின் கூட்டுத்தொகை, தொகுதியில் x²-இன் கெழுவுக்குச் சமமாக இருக்க வேண்டும். 3 + 1 − 2 = 2; தொகுதியில் 2x². பொருந்துகிறது. தொகுதியில் x² இல்லாவிட்டால் கூட்டுத்தொகை பூச்சியமாக வேண்டும். முழு உறுதி வேண்டுவோர் பின்னங்களைத் திரும்பக் கூட்டிப் பார்க்கலாம்.

தகு பின்னமா என்று பார்க்காமல் இறங்குவதுதான் பெரிய தவறு. மறைப்பு முறை எச்சரிக்கை எதுவும் தராது. தகா பின்னத்துக்கும் எண்களைத் தந்துவிடும். (x² + 2)/((x − 2)(x + 1)) என்பதில் (x − 2)-ஐ மறைத்தால் 6/3 = 2, (x + 1)-ஐ மறைத்தால் 3/−3 = −1. விடை 2/(x − 2) − 1/(x + 1) என்று தோன்றும். x = 0 வைத்துச் சோதித்தால் குட்டு உடைந்துவிடும்: மூலப் பின்னம் 2/−2 = −1; எழுதிய விடையோ −1 − 1 = −2. சரியாக 1 குறைகிறது. அந்த 1 எங்கே போயிற்று? x² + 2-ஐ x² − x − 2-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி x + 4. பிரிக்கப்பட்டது மீதியின் பின்னம் மட்டும், ஈவு விடுபட்டுவிட்டது. சரியான விடை 1 + 2/(x − 2) − 1/(x + 1). தொகுதியின் படி பகுதியின் படிக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால், முதலில் வகுத்து ஈவைத் தனியே எழுதிவிட வேண்டும்.

காரணியில் x-இன் கெழு 1 அல்லாதபோதும் கவனம் தேவை. 5x/(2x² + 3x − 2) என்பதன் பகுதி பூச்சியமாகும் இடங்கள் 1/2, −2. இதை வைத்துக்கொண்டு பகுதியை (x − 1/2)(x + 2) என்று எழுதிவிடுவோர் உண்டு. அதில் 2 என்ற பெருக்கம் காணாமல் போகிறது. சரியான காரணிகள் (2x − 1)(x + 2). (2x − 1)-ஐ மறைத்து x = 1/2 வைத்தால் (5/2)/(5/2) = 1; (x + 2)-ஐ மறைத்து x = −2 வைத்தால் −10/−5 = 2. ஆகவே விடை 1/(2x − 1) + 2/(x + 2). இங்கே மாறிலிகளை நேரடியாகக் கூட்டிப் பார்க்கும் குறுக்குச் சோதனை செல்லாது.

காரணிகள் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு? பொதுவாக (px + q)/((x − a)(x − b)) என்ற பின்னத்தில் மறைப்பு முறை A = (pa + q)/(a − b), B = (pb + q)/(b − a) என்று தருகிறது. இரண்டிலும் வகுப்பது a-க்கும் b-க்கும் உள்ள வித்தியாசம். முதல் எடுத்துக்காட்டில் 3B = 9 என்று வந்ததே, அந்த 3 என்பது 2-க்கும் −1-க்கும் உள்ள இடைவெளிதான். a, b வேறுபட்டால் அந்த இடைவெளி பூச்சியமாகாது; A, B எப்போதும் கிடைக்கும், ஒரே விதமாகத்தான் கிடைக்கும். a = b என்றால் பூச்சியத்தால் வகுக்க நேரும். x/(x − 1)² என்பதை A/(x − 1) + B/(x − 1) என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிச் (A + B)/(x − 1) என்று சுருங்கிவிடும். இரண்டு எண்கள் தேவைப்படும் இடத்தில் உண்மையில் ஒன்றுதான் இருக்கிறது. அங்கே இரண்டாவது பின்னத்தின் கீழ் (x − 1)² வர வேண்டும்: x/(x − 1)² = 1/(x − 1) + 1/(x − 1)².