சென்ட்ரலில் ஆவடி லோக்கல் ரயில் எந்த வாசலில்? குழப்பம் தீர ஒரு வழிகாட்டி

சேக்காடு, ஆவடி, பட்டாபிராம் பக்கம் வசிப்பவர்களுக்குச் சென்னை சென்ட்ரல் ஒரு ஸ்டேஷன் அல்ல, இரண்டு. ஒன்று, மணிக்கூண்டு வைத்த சிவப்புக் கட்டடம். கோவை, பெங்களூரு எக்ஸ்பிரஸ்கள் அங்கிருந்துதான் கிளம்பும். இன்னொன்று, அதை ஒட்டியுள்ள மூர் மார்க்கெட் வளாகம். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் லோக்கல் ரயில்களுக்கு இதுதான் வாசல்.

பழைய மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் எரிந்துபோனது. அந்த இடத்தில் எழுந்ததால்தான் புறநகர் முனையத்துக்கு இந்தப் பெயர். ஆப்களில் எக்ஸ்பிரஸ் முனையம் MAS என்றும், லோக்கல் முனையம் MMCC என்றும் இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆவடி மாதிரி ஸ்டேஷன்களில் தவறான பக்கம் நுழைந்தாலும் நடைமேம்பாலம் ஏறி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். சென்ட்ரலில் தண்டவாளங்கள் முட்டிக்கொண்டு முடிகின்றன. முடியும் இடத்தில் உள்ள கூடத்திலிருந்துதான் பிளாட்பாரங்களுக்கு வழி. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனிக் கூடம். அதனால் தவறான கூடத்தில் நின்றால், பெட்டியோடு அடுத்த கட்டடத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்து நின்றால், இடது கைப் பக்கம் மூர் மார்க்கெட் வளாகம். அதையும் தாண்டி வெள்ளை ரிப்பன் மாளிகை தெரியும்.

ஓர் உதாரணம். கோவையிலிருந்து வந்து இறங்கும் ஒருவர் சேக்காடு போக வேண்டும். அவர் எக்ஸ்பிரஸ் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஆவடியைத் தேடினால் கிடைக்காது. பலகை முழுக்க வெளியூர்ப் பெயர்களாக இருந்தால் அது தவறான கட்டடம் என்று அர்த்தம். சாலைப் பக்கம் வெளியே வந்து வலது கைப் பக்கம் நடந்தால், ஆவடி, திருவள்ளூர் என்று ஓடும் பலகை கண்ணில் படும். அங்கேயும் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கும்மிடிப்பூண்டி வண்டிகளும் அதே இடத்திலிருந்துதான் கிளம்பும். அவை பேசின் பிரிட்ஜைத் தாண்டி வடக்கே பிரிந்துவிடும். ஏறுமுன் கடைசி ஊரின் பெயரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எதிர்த்திசையிலும் இதே கணக்குதான். ஆவடியில் லோக்கல் ஏறி எக்ஸ்பிரஸ் பிடிக்கப் போகிறவர் மூர் மார்க்கெட்டில்தான் இறங்குவார். அங்கிருந்து சிவப்புக் கட்டடத்துக்கு நடந்து, தன் பிளாட்பாரத்தையும் அதில் தன் பெட்டி நிற்கும் இடத்தையும் தேட வேண்டும். அந்த நடைக்கும் நேரம் ஒதுக்கணும். தாம்பரம் போகிறவருக்கு இரண்டு கட்டடமும் உதவாது. சாலையைக் கடந்து எதிரே உள்ள பார்க் ஸ்டேஷனுக்குப் போகணும்.

ஆட்டோவில் வருகிறவர்கள் ‘சென்ட்ரல்’ என்று மட்டும் சொன்னால் சிவப்புக் கட்டட வாசலில் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். ‘மூர் மார்க்கெட், லோக்கல் ட்ரெய்ன் பக்கம்’ என்று சொன்னால் வேலை முடிந்தது.