ஏழு பகல், 29 மணி நேரம்: டெல்லி – ஆக்ரா – ஜெய்ப்பூர் பயணக் கணக்கு

சென்னையிலிருந்து வடக்கே சுற்றுலா போகும் குடும்பங்களிடம் நீட்டப்படும் திட்டங்களில் பெரும்பாலானவை ‘6 இரவு, 7 பகல்’ என்றுதான் தொடங்குகின்றன. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றும் கட்டாயம் இருக்கும். அவ்வளவு தூரம் போகிறோமே என்று ஹரித்வாரையும் சேர்த்துவிடுவார்கள். ஏழு பகலுக்கு நான்கு ஊர் என்றால் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் பகலை எண்ணினால் கணக்கு தப்பும். ஓர் இடத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும் மணி நேரத்தைத்தான் எண்ண வேண்டும்.

தாத்தா, பாட்டி, பிள்ளைகளோடு போகும் குடும்பம் காலை 9 மணிக்கு முன் அறையை விட்டுக் கிளம்புவது அரிது. குளிர்காலத்தில் வடக்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். இடைப்பட்ட எட்டரை மணி நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு 1 மணி, ஊருக்குள் இடம் மாற ஒன்றரை மணி போய்விடும். மீதி 6 மணி நேரம். ஊர் மாறாத ஒரு முழு நாளின் வரவு இவ்வளவுதான்.

ஊர் மாறும் நாளில் இதுவும் கிடைக்காது. டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு யமுனை விரைவுச்சாலை வழியாக 230 கிலோமீட்டர் அளவில் வரும். நகர நெரிசலையும் சேர்த்தால் 4 மணி நேரப் பயணம். மூட்டை கட்டி அறையைக் காலி செய்ய 1 மணி, புதிய ஊரில் அறை எடுத்து முகம் கழுவ இன்னொரு மணி. ஆக மொத்தம் 6. ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் 240 கிலோமீட்டர், இதே கணக்கில் 7 மணி. ஜெய்ப்பூரிலிருந்து டெல்லி 270 கிலோமீட்டர், அதுவும் 7. சென்னை – டெல்லி விமானம் பறப்பது ஏறத்தாழ 3 மணி நேரம்தான். ஆனால் வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே காத்திருப்பு, இறங்கிப் பெட்டி எடுத்து விடுதி சேர்வது என்று எல்லாம் சேர்ந்து 8 மணி ஆகிவிடும். அதனால் முதல் நாளின் வரவை நான் பூஜ்ஜியமாகவே எழுதுகிறேன். அன்று மாலை இந்தியா கேட் பக்கம் ஒரு நடை போக முடிந்தால் லாபம்.

இனி செலவுப் பக்கம். ஒவ்வோர் இடத்தையும் ஓடாமல் பார்க்க எத்தனை மணி வேண்டும்?

டெல்லி: செங்கோட்டை 2.5, பிரதமர்கள் அருங்காட்சியகம் 2.5, காந்தி சுடப்பட்ட இடமான காந்தி ஸ்மிருதி 1, குதுப் மினார் 1.5, ஹுமாயூன் கல்லறை 1.5, ஜாமா மசூதியும் சாந்தினி சவுக்கும் 2. மொத்தம் 11.

ஆக்ரா: தாஜ் மஹால் 3, கோட்டை 2, இதிமாத் உத் தௌலா கல்லறை 1. மொத்தம் 6.

ஃபதேபூர் சிக்ரி (ஜெய்ப்பூர் போகும் வழியில், ஆக்ராவிலிருந்து 37 கிலோமீட்டர்): 2.

ஜெய்ப்பூர்: ஆமேர் கோட்டை 3, நகர அரண்மனை 2, ஜந்தர் மந்தர் 1, ஹவா மஹால் 1, நாகர்கர் கோட்டை 1.5. மொத்தம் 8.5. கடைத்தெருவுக்கு இருட்டிய பிறகு போய்க்கொள்ளலாம்.

கூட்டினால் 27.5 மணி நேரம். தாஜுக்கு 3 மணி என்று எழுதியதற்குக் காரணம் உண்டு: நுழைவுச்சீட்டே 3 மணி நேரத்துக்குத்தான் செல்லும். இந்தியர்களுக்கு 50 ரூபாய். கல்லறைக்குள் போக மேலும் 200. பாதுகாப்புச் சோதனை வரிசையைக் கடந்து உள்ளே போய்ச் சுற்றிவர அந்த 3 மணி சரியாக இருக்கும்.

இந்த 27.5 மணி நேரத்தை ஏழு நாளில் அடக்க முடியுமா? சனிக்கிழமை கிளம்பினால் முடியும். கிழமையைச் சொல்வதற்குக் காரணம், தாஜ் மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டை, பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் வார விடுமுறை கிடையாது.

சனி: சென்னை – டெல்லி. வரவு 0.
ஞாயிறு: செங்கோட்டை, காந்தி ஸ்மிருதி, அருங்காட்சியகம். வரவு 6, செலவு 6.
திங்கள்: குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, சாந்தினி சவுக். வரவு 6, செலவு 5.
செவ்வாய்: காலை 8 மணிக்கு ஆக்ரா புறப்பாடு, பிற்பகல் கோட்டை, இதிமாத் உத் தௌலா. வரவு 3, செலவு 3.
புதன்: விடியலில் தாஜ், 11 மணிக்குக் கிளம்பி சிக்ரி வழியாக இரவுக்குள் ஜெய்ப்பூர். வரவு 5, செலவு 5.
வியாழன்: ஆமேர், நகர அரண்மனை, ஜந்தர் மந்தர். வரவு 6, செலவு 6.
வெள்ளி: நாகர்கர், ஹவா மஹால், மாலை விமானத்தில் ஜெய்ப்பூரிலிருந்தே சென்னை. வரவு 3, செலவு 2.5.

மொத்த வரவு 29, செலவு 27.5, கையிருப்பு ஒன்றரை மணி நேரம். டெல்லியில் 3 இரவு, ஆக்ராவில் 1, ஜெய்ப்பூரில் 2. செங்கோட்டைக்கு எதிரிலேயே இருக்கும் சாந்தினி சவுக்கை மறுநாளுக்குத் தள்ளியது ஏன் என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. ஒரு மணி நேரம் வீணாக அலைந்தாலும் திங்கட்கிழமை போவதே மேல்.

ஆக்ராவுக்கு ஒரே இரவுதான் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஓர் இரவு இல்லாமல் முடியாது. டெல்லியிலிருந்து காலையில் போய் இரவு திரும்பும் திட்டத்தில், சாலையில் மட்டும் 8 மணி நேரம் போகும். தாஜுக்குக் கூட்டம் முட்டும் நண்பகலில்தான் போய்ச் சேர முடியும். அங்கே தங்கினால், முதல் நாள் பிற்பகலும் மறுநாள் விடியலும் சேர்ந்து 6 மணி நேரம் கிடைக்கும். சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே தாஜின் வாசல் திறந்துவிடுகிறது. முழுப் பகல் ஒன்றுகூட இல்லாமலேயே ஆக்ராவின் 6 மணித் தேவை நிறைவேறுகிறது.

இப்போது இதே ஏழு நாளில் ஹரித்வாரைச் சேர்ப்போம். டெல்லியிலிருந்து அது 220 கிலோமீட்டர். டெல்லிக்கு ஒரே ஒரு முழு நாள் (6), ஆக்ராவின் பிற்பகல் (3), தாஜும் சிக்ரியும் (5), ஜெய்ப்பூரில் ஒரு காலை (3). அன்று மதியமே கிளம்பி இரவு டெல்லி. மறுநாள் ஹரித்வார் போய் மாலை கங்கை ஆரத்தி (2). கடைசி நாள் ஹரித்வாரிலிருந்து டெல்லி விமான நிலையம், அங்கிருந்து சென்னை (0). வரவு 29-லிருந்து 19-ஆக இறங்கிவிட்டது. தேவையோ ஹரித்வாருக்கான 4 மணியையும் சேர்த்து 31.5-ஆக ஏறிவிட்டது. துண்டு விழுவது 12.5 மணி நேரம். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று வண்டி ஓட்டுநர் ஏன் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது. ஆமேருக்கு ஒன்றரை மணி, செங்கோட்டையை வெளியே நின்று ஒரு படம், குதுப் மினாரை அடுத்த முறை என்று வெட்டித்தான் அந்தத் துண்டை நிரப்புகிறார்கள்.

ஆக, ஹரித்வார் என்ற ஓர் ஊரின் உண்மையான விலை, வரவில் இழந்த 10 மணியும் அதற்கே தேவையான 4 மணியும்: மொத்தம் 14. ஒரு முழு நாளுக்கு 6 மணி என்றால், இரண்டே கால் நாளுக்கும் மேல். ஒரு நாள் கூட்டினால் போதும் என்று நினைப்பது இங்கேதான் பொய்க்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இவை நான் வைத்துக்கொள்ளும் எண்கள். உங்கள் எண்களைப் போட்டு இதே முறையில் கூட்டிப் பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அறை, சாப்பாடு, வண்டி சேர்த்து நாளுக்கு 9,000 ரூபாய் என்றால் ஏழு நாளுக்கு 63,000. விமானம் போக வரத் தலைக்கு 12,000 என்றால் 48,000. இரண்டு திட்டத்துக்கும் பொதுவான செலவு 1,11,000.

மூன்று ஊர்த் திட்டத்தில், ஜெய்ப்பூரிலிருந்து திரும்பும் சீட்டுக்குத் தலைக்கு 2,000 கூடும் என்று வைப்போம்: 8,000. வண்டி டெல்லிக்கு வெறுமனே திரும்பும் 270 கிலோமீட்டருக்கும் ஓட்டுநர் பணம் கேட்பார். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் வீதம் 4,050. மொத்தம் 1,23,050. நான்கு ஊர்த் திட்டத்தில் ஜெய்ப்பூர் – டெல்லி, டெல்லி – ஹரித்வார், மீண்டும் டெல்லி என்று 710 கிலோமீட்டர் கூடுதல் ஓட்டம்: 10,650. மொத்தம் 1,21,650.

கையை விட்டுப் போகும் பணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 27.5 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 4,475 ரூபாய். 19-ஆல் வகுத்தால் 6,400. அதிக ஊர் என்பதை அதிக மதிப்பு என்று நினைத்து வாங்குபவர், மணிக்கு 1,900 ரூபாய்க்கும் மேல் கூடுதலாகக் கொடுக்கிறார்.

இந்தக் கணக்கை மாதம் மாற்றிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பது மே மாதத்தில். அப்போது இந்த மூன்று ஊரிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நண்பகல் 12 முதல் 4 வரை திறந்தவெளியில் நிற்க முடியாது. முழு நாளின் வரவு 6-லிருந்து 4-ஆகக் குறையும். சிக்ரியை நடுப்பகலில் வைக்கவே முடியாது. மேலே சொன்ன ஏழு நாளும் 29-க்குப் பதில் 19 மணி நேரம்தான் தரும். ஆகவே மே மாதத்தில் டெல்லிக்கு ஒரு நாளும் ஜெய்ப்பூருக்கு ஒரு நாளும் கூட்டுங்கள். முடியாவிட்டால் பட்டியலில் 8.5 மணி நேரத்தை வீட்டிலேயே வெட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வேறு சிக்கல். அடர்ந்த மூடுபனியில், விடியலில் போனால் தாஜ் எதிரே நின்றும் தெரியாமல் போகலாம். ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். ஒன்றரை மணிக் கையிருப்பு அதற்குத் தாங்காது. அந்த மாதங்களில் ஆக்ராவுக்கு இரண்டாவது இரவு கொடுத்து, தாஜை வெயில் ஏறியபின் பார்ப்பதே சரி. வெயிலும் பனியும் தொந்தரவு செய்யாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் மேலே உள்ள ஏழு நாள் கணக்கு அப்படியே பொருந்தும்.

பயண ஏற்பாட்டாளர் தரும் தாளை வாங்கியதும் ஒவ்வொரு நாளின் ஓரத்திலும் இரண்டு எண்களை எழுதுங்கள்: அன்று கிடைக்கும் மணி, அன்றைய இடங்களுக்கு வேண்டிய மணி. கடைசியில் துண்டு விழுந்தால், ஒவ்வோர் ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்காதீர்கள். ஓர் ஊரையே முழுதாக எடுத்துவிடுங்கள். இடங்களைக் குறைத்தால் அந்தந்த இடத்தின் நேரம் மட்டுமே மிச்சம். ஊரைக் குறைத்தால் சாலையில் போகும் நேரமும் திரும்பக் கிடைக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.