பலூனுக்குள் அடங்காத சொல்

1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் கதை ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழுக்காக ஆங்கிலத்தில் உருவான கதை அது. படமும் கட்டமும் பலூனும் ஆங்கில வசனத்தின் அளவுக்கு வரையப்பட்டு முடிந்த பிறகுதான் தமிழ் அங்கே நுழைகிறது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதன்பின் இத்தாலியின் டெக்ஸ் வில்லரும், பிரெஞ்சு பேசும் லக்கி லூக்கும் தமிழ் கற்றார்கள். இன்றுவரை ஒரு வேலை மட்டும் மாறவில்லை. வேறொருவர் அளவெடுத்த பலூனில் தமிழை உட்கார வைக்க வேண்டும்.

தமிழில் எழுதினால் நீண்டுவிடும், அதனால் இடம் போதாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரு பலூனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கௌபாய் கதையின் ஷெரிப், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் மறுபடி வந்து நிற்பதைப் பார்த்துக் கத்துகிறார்: “ஐ டோல்டு யூ நாட் டு கம் பேக் ஹியர்! வாட் ஆர் யூ டூயிங் இன் மை டவுன்?” ஆங்கிலத்தில் இது 15 சொற்கள், 48 எழுத்துகள். முதலில் கைக்கு வரும் தமிழ் இப்படி இருக்கும்: “இங்கே திரும்பி வரக் கூடாது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா! என் ஊரில் என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” இதில் 12 சொற்கள், உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணினால் 52 எழுத்துகள். 48க்கும் 52க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆனாலும் இது அந்தப் பலூனுக்குள் போகாது.

காரணம் சொற்களின் நீளம். ஆங்கில வசனத்தில் மிக நீண்ட சொல்லுக்கே ஐந்து எழுத்துதான். சின்னச் சின்னச் சொற்களை எந்த வடிவப் பாத்திரத்திலும் கொட்டி நிரப்பலாம். தமிழிலோ ‘செய்துகொண்டிருக்கிறாய்’ என்ற ஒரே சொல்லுக்கு 11 எழுத்து. பலூன் செவ்வகமாக இருந்தால் அதுகூடச் சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் அது நீள்வட்டம். நடுவில் அகலம், மேலும் கீழும் குறுகல்.

36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பலூன் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து ஓரக்கோட்டில் ஒட்டிவிடாமலிருக்கச் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் வெற்றிடம் வேண்டும். எழுத்தின் அளவு 8 பாயிண்ட். ஆங்கில காமிக்ஸில் பெரும்பாலும் பெரிய எழுத்துகளே இருக்கும். அவற்றுக்கு மேலே கொம்பும் இல்லை, கீழே வாலும் இல்லை. ஆகவே வரிகளை நெருக்கி அடுக்கி, இந்த உயரத்தில் ஆறு வரி வைத்துவிடலாம். தமிழில் மேலே புள்ளியும் ‘கீ’யின் சுழியும் நிற்கும், கீழே ‘ழு’, ‘மூ’ போன்றவற்றின் வால் இறங்கும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 10 அல்லது பத்தரை பாயிண்டாவது விட வேண்டும். விட்டால் ஐந்து வரிதான் கிடைக்கும். வட்டத்தின் வளைவைக் கழித்தால் அந்த ஐந்து வரிகளின் அகலம் சுமாராக 15, 27, 32, 27, 15 மில்லிமீட்டர். இந்த அளவில் ஒரு தமிழ் எழுத்துக்குச் சராசரியாக இரண்டேகால் மில்லிமீட்டர் பிடிக்கும். ‘சொ’, ‘தே’ போன்றவை இன்னும் கூடுதலாகத் தின்னும்.

இப்போது முதல் மொழிபெயர்ப்பை நிரப்புவோம். முதல் வரியில் ‘இங்கே’ மட்டும். இரண்டாவதில் ‘திரும்பி வரக் கூடாது’. மூன்றாவதில் ‘என்று உன்னிடம்’ வந்ததும் நிற்க வேண்டியதுதான், ‘சொல்லியிருந்தேன்’ மீதி இடத்தில் நுழையாது. ஆக, பலூனிலேயே அகலமான வரி பாதி காலி. நான்காவதில் ‘சொல்லியிருந்தேன்’, ஐந்தாவதில் ‘அல்லவா!’. இடம் முடிந்தது. ஷெரிப் கேட்க வந்த கேள்வி முழுவதும் பலூனுக்கு வெளியே நிற்கிறது.

எழுத்தைச் சிறிதாக்கினால் என்ன என்று தோன்றும். அனுபவமில்லாத கை முதலில் செய்வதும் அதுதான். ஆனால் காமிக்ஸ் வாசகருக்கு எழுத்தின் அளவுதான் குரலின் அளவு. சுற்றியுள்ள பலூன்களில் 8 பாயிண்டும் இந்த ஒன்றில் 6 பாயிண்டும் இருந்தால், கத்துகிற ஷெரிப் முணுமுணுப்பார். முகத்தில் கோபம், எழுத்தில் கிசுகிசுப்பு. குறைத்தே ஆக வேண்டுமென்றால் புத்தகம் முழுவதற்கும் சேர்த்து அரைப் பாயிண்ட் குறைக்கலாம், ஒரு பலூனுக்கு மட்டும் கூடாது.

எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவது அடுத்த தந்திரம். 95 சதவீதம்வரை யாருக்கும் தெரியாது. 90க்குக் கீழே போனால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கும் கோடுகள் தடித்துத் தெரியும். சுழிகளின் உள்வெளி அடைபட்டு, மை கொஞ்சம் பரவும் தாளில் ‘ன’வா ‘ண’வா என்று தேட வேண்டியிருக்கும். வரி இடைவெளியைக் குறைப்பதும் இதே போலத்தான் முடியும். மேல் வரியின் ‘ழு’வின் வால் கீழ் வரியின் ‘றீ’யின் சுழியில் இடித்தால், கண் அந்த இடத்தில் ஒரு கணம் தடுக்கும். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இதெல்லாம் அழகாகவே தெரியும். அச்சுக்குப் போகும் அதே அளவில் ஒரு தாள் எடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்தால்தான் பிடிபடும்.

அப்படியானால் திருத்த வேண்டியது வசனத்தை. இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. நம் வினைமுற்றே யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடும், ஆகவே ‘உன்னிடம்’ போகலாம். ‘அல்லவா’ செய்கிற வேலையைச் சொல்லின் கடைசியில் ஒட்டும் ஓர் ஏகாரம் செய்யும். ‘என்ன செய்துகொண்டிருக்கிறாய்’ என்று எந்த ஊர் போலீஸ்காரரும் கேட்பதில்லை. “இந்தப் பக்கம் வராதே என்றேனே! என் ஊரில் உனக்கென்ன வேலை?” இப்போது எண்ணினால் 28 எழுத்து. ‘இந்தப்’ முதல் வரியில், ‘பக்கம் வராதே’ இரண்டாவதில், ‘என்றேனே! என் ஊரில்’ அகலமான மூன்றாவதில், ‘உனக்கென்ன’ நான்காவதில், ‘வேலை?’ கடைசியில். மேலிருந்து கீழாக விரிந்து சுருங்கும் வடிவம் தானாகவே கிடைக்கிறது, சுற்றிலும் காற்றோட்டமும் இருக்கிறது. முதல் வரைவைவிட ஷெரிப்பின் வாயில் இதுதான் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ‘திரும்பி’ என்ற பொருள் கொஞ்சம் தேய்ந்தது உண்மை. அவன் துரத்தப்பட்டவன் என்பது முந்தைய பக்கத்தில் வந்திருந்தால் இந்த இழப்பைத் தாங்கலாம். துப்பறியும் கதையில் இப்படிக் கைவைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். பெயர், ஊர், மணி, எண் எதையும் வெட்டக் கூடாது. இருபதாவது பக்கத்தில் வெட்டிய ஒரு சொல்லை வைத்துத்தான் கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் மாட்டுவான்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தடித்துச் சாய்த்து அழுத்தம் கொடுப்பார்கள். தமிழில் சாய்வெழுத்துக்கு மரபில்லை, தடித்த எழுத்து இன்னும் அகலம் கேட்கும். ‘தான்’ சேர்த்தோ சொல்லை இடம் மாற்றியோ அழுத்தத்தைக் கொண்டுவருவதே சிக்கனம்.

எவ்வளவு சுருக்கினாலும் சில நீண்ட சொற்கள் தப்பாமல் வரும். அப்போது சொல்லை உடைக்க வேண்டும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் சிறுகோடு போடாமலேயே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டு போனார்கள், நம் கண்ணுக்கு அது பழக்கம்தான். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது, உயிர்மெய் பிரியக் கூடாது என்ற இரண்டைக் காத்தால் போதும். ‘செய்து’ என்று ஒரு வரி, ‘கொண்டிருக்கிறாய்’ என்று அடுத்த வரி எனச் சொல்லின் மூட்டிலேயே பிரித்தால் இன்னும் நல்லது. கணினி இதைத் தானாகச் செய்யாது. யூனிகோட் எழுத்துருவில் வெற்றிடம் உள்ள இடத்தில்தான் பொதுவாக வரி மடங்கும், மற்ற இடங்களில் நாமே உடைத்துக் காட்ட வேண்டும். இன்டிசைனில் பத்தி அமைப்பை Adobe World-Ready Paragraph Composer என்று மாற்றாவிட்டால், கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ சிதைந்துபோகும் ஆபத்தும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் வேறு தொல்லை. அவற்றில் ஒற்றைக்கொம்பு தனி எழுத்தாகவே இருப்பதால், அது வரியின் கடைசியில் தனியாக நிற்க, அதற்குரிய ‘க’ அடுத்த வரிக்குப் போய்விடும். கொம்பு மட்டும் அனாதையாக நிற்கும் பலூனைப் பார்த்தால், மெய்ப்புப் பார்க்காமல் அச்சேறியது என்று தயங்காமல் சொல்லலாம்.

கடைசி வழி, பலூனையே பெரிதாக்குவது. டெக்ஸ் போன்ற கறுப்பு வெள்ளைக் கதைகளில் இது ஓரளவு எளிது. வானமோ சுவரோ இருக்கும் பக்கமாக ஓரத்தை நகர்த்தி, அதே தடிமனில் கோட்டை இழுத்து, உள்ளே வெள்ளை பூசலாம். முகத்தையும் கையையும் மூடக் கூடாது, வாயை நோக்கி நீளும் வாலையும் தொடக் கூடாது. வண்ணக் கதையில் சிக்கல் கூடும். பல நாட்டுப் பதிப்புகளை ஒரே அச்சகத்தில் சேர்த்து அடிக்கும்போது வண்ணத் தகடுகள் எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்கும், வசனம் உள்ள கறுப்புத் தகடு மட்டும் மொழிக்கு மொழி மாறும். அங்கே பலூனை விரித்தால், புதிதாகச் சேர்ந்த இடத்தில் வானத்தின் நீலம் அப்படியே இருக்கும். இங்கேயே அச்சிடும் பதிப்பென்றால் நான்கு நிறத்திலும் அந்த இடத்தை அழிக்கலாம். ஓவியத்தில் கைவைப்பதால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

பக்கத்தைச் சுருக்கி அச்சிடும்போது இந்தக் கணக்கெல்லாம் இன்னும் இறுகும். பக்கத்தின் நீள அகலத்தை 80 சதவீதமாக்கினால் பலூனின் பரப்பு 64 சதவீதமாகிவிடும். எழுத்தை மட்டும் அதே விகிதத்தில் குறைக்க முடியாது. ஆகவே எந்த அளவில் அச்சாகப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் மொழிபெயர்ப்பாளர் பேனாவை எடுக்க வேண்டும்.

ஜப்பானிய மங்காவைத் தமிழில் செய்ய நினைப்பவருக்கு இவையெல்லாம் பாலபாடம். மேலிருந்து கீழாக எழுதும் மொழிக்காக வரைந்த பலூன்கள் அவை, உயரமும் ஒல்லியுமாக இருக்கும். வரிக்கு ஐந்தாறு எழுத்துக்கு மேல் கிடைக்காது. ‘போகலாம்’ என்பதற்கே நான்கு எழுத்து. அங்கே ‘வா’, ‘போ’, ‘யார்?’, ‘இவனா!’ என்று பேசுகிற பாத்திரங்கள் பிழைத்துக்கொள்வார்கள். நீளமாக விளக்கம் சொல்கிற பாத்திரம் வரும் பக்கங்களில்தான் ஒரு வாரம் ஓடிவிடும்.