பதினைந்து விநாடியா, அறுபது விநாடியா?

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, பாளையங்கோட்டையில் எங்கள் தெரு இளைஞர்கள் சிலர் தாமிரபரணியைப் பற்றிக் குறுங்காணொலிகள் எடுக்கத் தொடங்கினார்கள். அவற்றுக்கு உரை எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. முதல் காணொலியே பதினைந்து விநாடிதான். 'அணைகளைத் திறந்ததால் வெள்ளம் வந்தது' என்பது அதன் சாரம். நன்றாகவே பரவியது. மறுநாள் காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, எங்கள் தெருவில் நின்றது அணைத் தண்ணீர் இல்லையே, வானத்திலிருந்து விழுந்த தண்ணீர்தானே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் சொன்னது சரி. டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 செ.மீ.க்கு மேல் பெய்தது. இவ்வூர்கள் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு வெகு தொலைவில், கடலை ஒட்டிய சமவெளியில் இருப்பவை. அணைகளிலிருந்து நீர் திறக்கப்பட்டதும் உண்மை. ஆனால், அது வெள்ளத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே காரணம். ஒரு காரணத்தைச் சொல்லி நிறுத்தியதால், நான் எழுதிய வாக்கியம் பாதி உண்மையாகிவிட்டது.

ஏன் பதினைந்து விநாடியில் நிறுத்தினோம்? யோசித்துப் பார்த்தால், பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. 2020-இல் இன்ஸ்டகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கு அறிமுகமானபோது 15 விநாடிதான் வரம்பு. பிறகு அது 60 ஆனது. இன்று இரண்டிலும் மூன்று நிமிடக் காணொலியும் போடலாம். வரம்பு போய்விட்டது, அது ஏற்படுத்திய பழக்கம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. எதிர்த்திசைப் பழக்கமும் உண்டு. 'முக்கியமான செய்தி, ஆகவே ஒரு நிமிடம் பேசுவோம்' என்று நீட்டுவது அது. இரண்டிலும் கருத்துக்கு எவ்வளவு இடம் தேவை என்ற கேள்வியே எழுவதில்லை.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிதானமாக, எழுத்து விழுங்காமல் தமிழில் பேசினால், எனக்குப் பதினைந்து விநாடியில் இருபதிலிருந்து இருபத்தைந்து சொற்கள் வரை வருகின்றன. அறுபது விநாடியில் ஏறத்தாழ நூறு. அதாவது, முன்னதில் மூன்று, நான்கு சிறு வாக்கியங்களுக்கு மட்டுமே இடம். அதில் 'என்ன' என்பதைச் சொல்லலாம், 'என்ன செய்ய வேண்டும்' என்பதையும் சொல்லலாம். 'ஏன்' என்பதற்கு இடம் இருக்காது.

ஆகவே, இப்போது நான் ஒரே ஒரு சோதனையைச் செய்கிறேன். கருத்தை ஒரு வாக்கியமாக எழுதி, அதைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுகிறேன். அவர் தலையசைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனால், அதற்குப் பதினைந்து விநாடி போதும். 'அது எப்படி?' என்று கேட்டால், அந்தக் கேள்விக்கான பதில் இல்லாமல் வாக்கியம் தவறான பொருள் தருமா என்று பார்க்கிறேன். தருமென்றால் அறுபது விநாடி.

ஆற்றில் நீர் கூடும் நாளின் எச்சரிக்கை முதல் வகை. நாங்கள் வைத்திருக்கும் உரை இது: 'இன்று மாலை ஆறு மணி முதல் ஆற்றில் கூடுதல் நீர் வருகிறது. குறுக்குத்துறையிலோ வேறு படித்துறையிலோ இறங்காதீர்கள். ஆடுமாடுகளை மேட்டுக்கு ஏற்றுங்கள். நாளை காலை மறு அறிவிப்பு வரும்.' மொத்தம் 21 சொற்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்வதைப் பார்த்து வளர்ந்த நெல்லைக்காரருக்கு 'ஏன் இறங்கக் கூடாது' என்று விளக்க வேண்டியதில்லை. விளக்கினால், அவசரத்தில் இருப்பவர் எச்சரிக்கையின் கடைசி வாக்கியத்தைக் கேட்காமலேயே போய்விடுவார். உயிர் தொடர்பான செய்தி என்பதாலேயே நீண்டிருக்க வேண்டும் என்பதில்லை. இங்கு முக்கியத்துவம் கூடக் கூட நீளம் குறைகிறது.

வெள்ளத்தின் காரணம் இரண்டாம் வகை. அந்தப் பழைய காணொலியை அறுபது விநாடியாகத் திருத்தி எழுதினேன். முதல் பத்து விநாடியில், வெள்ளம் இரண்டு வழியாக வந்தது என்ற கூற்று. அடுத்த இருபது விநாடியில் ஆறு: மலையில் பெய்த மழை அணைகளுக்கு வருகிறது, அணைகளிலிருந்து ஆற்றில் இறங்குகிறது, அணைகளுக்குக் கீழே பச்சையாறு போன்ற துணையாறுகளும், சீவலப்பேரியில் சிற்றாறும் வந்து சேர்கின்றன. அதற்கடுத்த இருபது விநாடியில் சமவெளி: அங்கேயே கொட்டிய மழை குளங்களை நிரப்பியது, கரைகளை உடைத்தது, ஆற்றைத் தொடாத தெருக்களிலும் நின்றது. கடைசிப் பத்து விநாடியில் இதிலிருந்து பெற வேண்டிய முடிவு: அணையின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, உங்கள் ஊர்க் குளத்தின் கரையையும் பார்க்க வேண்டும்.

இதில் எந்தப் பகுதியை நீக்கினாலும் பொருள் கெடுகிறது. ஆற்றை நீக்கினால், கரையோரம் குடியிருப்பவர் அலட்சியமாக இருப்பார். சமவெளியை நீக்கினால், காயல்பட்டினத்துக்காரர் மறுபடியும் தொலைபேசியில் அழைப்பார். நீக்க முடியாத பகுதிகள் இரண்டுக்கு மேல் இருந்தால், அது அறுபது விநாடிக் கருத்து என்று கொள்ளலாம். நீக்கியும் பொருள் மாறாவிட்டால், நாம் நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

தவறு நேர்ந்ததா என்பது வெளியிட்ட பிறகும் தெரியும். எந்த விநாடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற வரைபடத்தை இத்தளங்கள் காட்டுகின்றன. கோடு மெல்லச் சரிவது இயல்பு. அறுபது விநாடிக் காணொலியில் இருபதாவது விநாடியில் கோடு செங்குத்தாக விழுந்தால், கருத்து அங்கேயே முடிந்துவிட்டது, மீதி வெறும் பேச்சு. குறுகிய காணொலியின் குறையை மட்டும் வரைபடம் காட்டாது. அதைக் கடைசிவரை பார்ப்பவர்கள் அதிகம் என்பதால் வெற்றி போலவே தோன்றும். அங்கே பின்னூட்டங்களைப் படிக்க வேண்டும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், சொல்லாமல் விட்டது எதுவென்று தெரிந்துவிடும். எங்கள் முதல் காணொலியின் கீழே அணை அதிகாரிகளைத் திட்டியவர்களே அதிகம். குளங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதற்கு நாங்களே காரணம்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பதினைந்து விநாடி எச்சரிக்கை கைமாறிக் கைமாறி அடுத்த ஆண்டு மழையிலும் வரும். 'இன்று மாலை' என்ற சொல் அப்போது பொய்யாகியிருக்கும். ஆகவே தேதியையும் நேரத்தையும் பேச்சில் சேர்க்காமல், காணொலி முடியும்வரை திரையில் எழுத்தாக நிறுத்துகிறோம். அதற்கு ஒரு விநாடிகூடச் செலவாவதில்லை. ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் அது தெரியும்.

திருத்திய காணொலி முதல் காணொலி அளவுக்குப் பரவவில்லை. ஆனால், கடந்த மழைக்காலத்தில் அதைப் பார்த்த ஒருவர் தம் ஊர்க் குளத்துக் கரையில் அரிப்பு இருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, யாரிடம் முறையிடுவது என்று கேட்டிருந்தார். முதல் காணொலியைப் பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்க வழியில்லை.